பெறுபேறு வரும்வரை: முடிந்தும் கைக்கு வராத பட்டத்தை விண்ணப்பத்தில் எழுதுவது

ஓப்பநாயக்கவிலிருந்து ஏ4 வீதியில் பலாங்கொடையைக் கடந்து மேலே போனால் பெலிஹுல்ஓயா வரும். சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காக வந்தவர்கள் தங்கிய குடியிருப்புகளில் தொடங்கி, 1990களின் நடுப்பகுதியில் தனிப் பல்கலைக்கழகமான சப்ரகமுவ பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. ஹுனுவல போன்ற தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு அந்தப் பக்கத்து வளாகமும் கிடைக்கலாம். இசட் புள்ளி தீர்மானிக்கிறபடி யாழ்ப்பாணமோ, வந்தாறுமூலையோ, ஒலுவிலோ கிடைக்கலாம். எங்கே படித்தாலும் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுப் பெட்டியோடு வீடு திரும்பும்போது எல்லோருக்கும் ஒரே நிலைமை. வகுப்பு இல்லை, பரீட்சை இல்லை, பட்டமும் இல்லை. வீட்டில் கேட்டால் “எல்லாம் முடிஞ்சுது, ரிசல்ட்தான் வரணும்” என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு வாக்கியத்தை வேலை விண்ணப்பத்தில் எழுதுவதுதான் கடினம். “பட்டம் பெற்றவரா?” என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்களை மட்டுமே வைத்திருக்கும் படிவத்தில் அவர் எதைத் தொடுவது?

அந்த இடைக்காலம் சின்னதல்ல. விடைத்தாளை முதல் பரீட்சகர் திருத்துவார், இரண்டாம் பரீட்சகர் பார்ப்பார். ஆய்வறிக்கை இருந்தால் அதற்குத் தனியாக நேர்முகம். பிறகு துறை, பீடத்தின் பரீட்சகர் சபை, கடைசியில் மூதவை. அறிவிப்புப் பலகையில் முதலில் ஒட்டப்படும் பெறுபேற்றின் கீழ் அது மூதவையின் அங்கீகாரத்துக்கு உட்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அந்த அங்கீகாரம் கிடைக்கும்வரை அது தற்காலிகப் பெறுபேறுதான். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நின்றால் எல்லாம் நிற்கும். 2024 மே மாதத் தொடக்கத்தில் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, அது இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. விரிவுரையாளர் திருத்தி முடித்திருந்தாலும் பரீட்சைக் கிளை இயங்காத இடத்தில் பெறுபேறு வெளிவராது. வெளிவாரியாகவோ திறந்த பல்கலைக்கழகத்திலோ படிப்பவருக்குக் காத்திருப்பு இன்னும் நீளமாகலாம்.

முதலில் இரண்டு நிலைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பாடநெறி இன்னும் நடந்துகொண்டிருப்பது ஒன்று. எழுதவேண்டியதெல்லாம் எழுதி முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பது இன்னொன்று. விண்ணப்பங்களில் இரண்டும் ஒரே மாதிரி எழுதப்படுகின்றன. அங்கிருந்தே சிக்கல் தொடங்குகிறது. மூன்றாம் ஆண்டு மாணவரை எடுக்கும் கம்பனி அவர் முழுநேரம் வரமுடியாது என்று தெரிந்தே எடுக்கும். பரீட்சை முடித்தவர் நாளைக்கே வேலைக்கு வரமுடியும். ஆனால் தன் சுயவிபரக் கோவையில் அவர் “2021 - Present” என்று மட்டும் எழுதினால், வாசிப்பவர் அவரையும் மாணவராகவே எண்ணி ஒதுக்கிவிடுவார். அடக்கமாக எழுதியதாக அவர் நினைத்திருப்பார்; தன் கையிலிருந்த பலத்தைத் தானே மறைத்திருக்கிறார்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. உணவு விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் என்ற நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் இது ஆறாம் மட்டம், 120 திறமைப் புள்ளிகள். கடைசிப் பரீட்சை 2025 பெப்ரவரி 20 இல் முடிந்தது. பெறுபேறு ஓகஸ்ட் அளவில் வரலாம் என்கிறார்கள். மே மாதத்தில் அவள் மூன்று இடங்களுக்கு விண்ணப்பிக்கிறாள்: இணையப் படிவம் வைத்திருக்கும் கொழும்பின் பன்னாட்டுக் கம்பனி ஒன்று, மின்னஞ்சலில் கோவையைக் கேட்கும் உணவுத் தொழிற்சாலை ஒன்று, மே 30 ஐ முடிவுத் திகதியாகக் கொண்ட அரச பதவி ஒன்று. மூன்று வாசல்களும் ஒரே உண்மையை மூன்று விதமாக வாசிக்கின்றன.

இணையப் படிவத்தில் முதலில் அவள் சந்திப்பது மென்பொருளை. விண்ணப்பங்களை வாங்கி, பிரித்து, தேடக்கூடிய வகையில் அடுக்கிவைக்கும் இந்த மென்பொருள்களைப் பற்றி நம் பிள்ளைகளிடையே பெரிய பயம் உலாவுகிறது. கோவையை இயந்திரம் வாசித்துப் பார்த்துத் தானாகவே குப்பையில் போட்டுவிடும் என்று நம்புகிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. தானியங்கி நிராகரிப்பு வருவது கோவையை வாசித்ததால் அல்ல. படிவத்தின் முடிவில் வரும் ஆம்–இல்லைக் கேள்விகளால். கம்பனியின் ஆட்சேர்ப்பு அலுவலர் முன்கூட்டியே ஒரு விதி வைத்திருப்பார்: இந்தக் கேள்விக்கு “இல்லை” என்றால் விண்ணப்பம் நிராகரிப்புப் பட்டியலுக்குப் போகட்டும். விதியை எழுதுவது மனிதர், மென்பொருள் நிறைவேற்றுகிறது. 2021 இல் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியும் அக்சென்சர் நிறுவனமும் சேர்ந்து அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனி நாடுகளின் நிறுவன நிர்வாகிகளிடம் நடத்திய ஆய்வில், உயர்திறன் வேலைகளுக்குத் தகுதியான விண்ணப்பதாரர்கள்கூட, கேட்ட நிபந்தனைகளோடு அச்சொட்டாகப் பொருந்தாததால் வடிகட்டப்படுகிறார்கள் என்று 88 சதவீதமானோர் ஒப்புக்கொண்டார்கள். பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர் இந்த வகைக்குள் நேராக விழுகிறார். வேலையைச் செய்யும் அறிவு அவரிடம் இருக்கிறது. நிபந்தனையின் எழுத்துக்குத்தான் அவர் பொருந்தவில்லை.

ஆனால் அதே படிவத்தின் கல்விப் பகுதியில் அவளுக்கு இடம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பலவும் பயன்படுத்தும் வேர்க்டே மென்பொருளின் விண்ணப்பப் படிவத்தில் படிப்பு முடிந்த ஆண்டைக் கேட்கும் கட்டத்தின் தலைப்பு To (Actual or Expected) என்றிருக்கும். உண்மையான ஆண்டையும் எழுதலாம், எதிர்பார்க்கும் ஆண்டையும் எழுதலாம். லிங்க்ட்இன் கூடக் கல்வியின் முடிவுத் திகதியை இப்படித்தான் கேட்கிறது. எனவே கல்விப் பகுதியில் பட்டத்தின் பெயரையும் 2025 ஐயும் இடுவதில் ஒரு பொய்யும் இல்லை. அந்தக் கட்டமே எதிர்பார்ப்பை ஏற்கிறது. அதைத் தாண்டி வரும் “பட்டத்தைப் பூர்த்திசெய்துள்ளீர்களா” என்ற ஆம்–இல்லைக் கேள்வியில் எதிர்பார்ப்புக்கு இடமில்லை. அங்கே “இல்லை”தான் பதில். சில படிவங்களில் “படித்துக்கொண்டிருக்கிறேன்” என்ற பொருளில் மூன்றாவது தெரிவு இருக்கும். இருந்தால் அதை எடுக்க வேண்டும். இல்லாத இடத்தில் “இல்லை” என்று குறித்துவிட்டு, ஆட்சேர்ப்புப் பகுதிக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புவது நல்லது: கடைசிப் பரீட்சை இன்ன திகதியில் முடிந்தது, பெறுபேறு இன்ன மாதம் எதிர்பார்க்கப்படுகிறது, கடிதம் இணைத்துள்ளேன். விதியைத் தளர்த்தும் அதிகாரம் அந்த மேசையில்தான் உண்டு.

“ஆம்” என்று போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இன்னும் மூன்று மாதத்தில் எப்படியும் வரப்போகிறது என்பார்கள். வராமலும் போகலாம் என்பதே விடை. ஒரு பாடத்தில் சித்தியடையாமல் மீள எழுதவேண்டி வந்தால் மூன்று மாதம் ஒரு வருடமாகும். அதற்குள் நியமனக் கடிதம் கொடுத்த கம்பனி, பின்னணிச் சரிபார்ப்புக்காகப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதும். அங்கிருந்து “இவர் இன்னும் பட்டம் பெறவில்லை” என்று பதில் வந்தால், தாமதம் வேறு பொய் வேறு என்று பிரித்துப் பார்க்க அந்த அலுவலருக்கு எந்தக் காரணமும் இருக்காது. நம் நாட்டில் கல்வித் தகைமைக்கு ஆவணம் கேட்கப்படும்போது என்ன நடக்கும் என்பதை 2024 டிசம்பரில் எல்லோரும் பார்த்தோம். தன் கலாநிதிப் பட்டம் பற்றி எழுந்த கேள்விக்கு உரிய ஆவணங்களை உடனடியாகக் காட்ட முடியாத நிலையில், தான் பொய் சொல்லவில்லை என்று கூறிக்கொண்டே அசோக ரன்வல சபாநாயகர் பதவியை விட்டு விலகினார். சபாநாயகர் கதிரைக்கே அந்த நிலை என்றால், தகுதிகாண் காலத்தில் இருக்கும் ஒரு புதிய ஊழியருக்கு எவ்வளவு பொறுமை காட்டுவார்கள்?

இனி இரண்டாவது வாசல், மின்னஞ்சலில் போகும் கோவை. சிறிய தொழிற்சாலையில் அதை மனிதரே வாசிப்பார். நடுத்தரக் கம்பனியில் அது ஒரு பகுப்பி மென்பொருளுக்குள் போய், பெயர், பட்டம், நிறுவனம், திகதி என்று துண்டாக்கப்பட்டு விழும். அந்தத் துண்டுகள் எப்படியிருக்கும் என்று பார்ப்பது பயனுள்ளது. திறந்த தரநிலையான ஜேசன் ரெஸ்யூம் வடிவில் நம் மாணவியின் படிப்பு இப்படிப் பதிவாகும்:

```
{
  "institution": "Sabaragamuwa University of Sri Lanka",
  "area": "Food Science and Technology",
  "studyType": "B.Sc. (Hons)",
  "startDate": "2021-04",
  "endDate": "2025-08"
}
```

இதில் “பெறுபேறு நிலுவையில்” என்று சொல்ல ஒரு கட்டமும் இல்லை. படிப்பு முடிந்ததா இல்லையா என்பதை endDate என்ற திகதி மட்டுமே காட்டுகிறது. மே மாதத்தில் இதைப் பார்க்கும் மென்பொருளுக்கு ஓகஸ்ட் எதிர்காலம். ஆகவே முடியவில்லை என்று கொள்ள வழியுண்டு. ஆனால் கம்பனிகள் கோவைகளைச் சேமித்து வைக்கின்றன. ஒக்டோபரில் வேறொரு வெற்றிடத்துக்காக அதே தரவுத்தளத்தைத் தேடினால் ஓகஸ்ட் கடந்துபோன திகதி. அவள் ஒரு எழுத்தையும் மாற்றாமலே, பதிவு அவளைப் பட்டதாரியாகக் காட்டிக்கொண்டிருக்கும். பெறுபேறு பிந்தியிருந்தால், நேர்மையாக எழுதிய ஒருவர் பொய் எழுதியவரைப் போலத் தோன்றும் இடம் இது. எதிர்பார்த்த மாதம் வந்ததும் பெறுபேறு வந்தாலும் வராவிட்டாலும் விண்ணப்பித்த இடங்களிலும் இணையப் பக்கங்களிலும் உள்ள திகதியைத் திருத்துவதைத் தவிர இதற்கு மாற்றில்லை. பெரும்பாலானோர் செய்யாமல் விடுவது இதைத்தான்.

பகுப்பி இன்னொரு வகையிலும் தவறும். அது பட்டத்தைப் பெயரால் அடையாளம் காண்கிறது, B.Sc. என்ற எழுத்துகளைக் கண்டால் இளமாணிப் பட்டம் என்று குறித்துக்கொள்ளும். பக்கத்தில் Results pending என்று இருப்பதை அது கவனிக்கலாம், கவனிக்காமலும் விடலாம். எதிர்த்திசையில், பட்டத்தின் பெயரை எழுதக் கூச்சப்பட்டு வெறுமனே Undergraduate என்று மட்டும் எழுதியவரின் கோவையில் அதற்குப் பட்டமே அகப்படாது. “இளமாணிப் பட்டம்” என்று வடிகட்டித் தேடும் அலுவலரின் திரையில் அவர் வரவேமாட்டார். ஆகவே பட்டத்தின் முழுப் பெயரையும் எழுதவேண்டும். அதன் நிலையையும் திகதியோடு சேர்த்து வாக்கியமாக எழுதவேண்டும். பெயர் மென்பொருளுக்கு, வாக்கியம் மனிதருக்கு.

அப்படியானால் அவள் கோவையில் வரவேண்டிய பகுதி ஏறத்தாழ இது:

```
B.Sc. (Hons) in Food Science and Technology
Sabaragamuwa University of Sri Lanka
Apr 2021 - Aug 2025 (Expected)
Final examination completed Feb 2025. Results pending.
GPA to date: 3.24 / 4.00 (7 of 8 semesters)
```

மூன்றாவது வரியில் Expected என்ற சொல் திகதியை ஒட்டியே நிற்கிறது. நம் ஊர்க் கோவைகளில் வழக்கமாக வரும் Reading for என்ற தொடர் கொழும்பு வாசகருக்குப் புரியும். வெளிநாட்டில் உருவான மென்பொருளும் வெளிநாட்டு வாசகரும் அதை உடனே பிடித்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது. நான்காவது வரி அவள் மாணவியல்ல, வேலைக்கு வர ஆயத்தமானவள் என்று சொல்கிறது. ஐந்தாவது வரியில் தரப்புள்ளிச் சராசரி எத்தனை அரையாண்டுகளுக்கு உரியது என்பதும் இருக்கிறது. “முதல் வகுப்பு எதிர்பார்க்கப்படுகிறது” என்று எழுதுவதை நான் முற்றாகவே தவிர்க்கச் சொல்வேன். வகுப்பைத் தீர்மானிப்பது பரீட்சகர் சபை. கடைசி அரையாண்டும் ஆய்வறிக்கையும் சராசரியை எந்தப் பக்கமும் இழுக்கக்கூடும். கையிலுள்ள எண்ணைக் கொடுத்தால் வாசிப்பவர் தானே கணித்துக்கொள்வார்.

வடிவமைப்பும் இங்கே குறுக்கிடும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு நிரல் வார்ப்புருக்களில் திகதி இடப்பக்கமும் பட்டம் வலப்பக்கமும் இருக்கும். பகுப்பி வரிவரியாக வாசிக்கும்போது Expected என்ற சொல் தொழிற்பயிற்சியோடு போய் ஒட்டிக்கொள்ளலாம், பட்டம் திகதியில்லாமல் தனித்துப் போகலாம். சோதிப்பது சுலபம். கோவையைத் திறந்து முழுவதையும் தெரிவுசெய்து, நோட்பேட் போன்ற வெறும் எழுத்துச் செயலியில் ஒட்டிப் பாருங்கள். பட்டம், பல்கலைக்கழகம், திகதி, நிலை நான்கும் அடுத்தடுத்த வரிகளில் சேர்ந்திருந்தால் கவலையில்லை. சிதறிக் கிடந்தால் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியப்போகிறது.

மூன்றாவது வாசல் அரச வேலை. நம் தோட்டப் பக்கத்துப் பட்டதாரிகளுக்கு இதுவே பெரிய வாசல்; ஆசிரியர் நியமனம், அபிவிருத்தி உத்தியோகத்தர், நிர்வாக சேவை என்று வீட்டார் கனவு காண்பதும் இந்தப் பக்கம்தான். இங்கே மென்பொருள் வடிகட்டல் அநேகமாக இல்லை. அதற்குப் பதிலாக வர்த்தமானி அறிவித்தலில் ஒரு நிபந்தனை இருக்கும்: விண்ணப்ப முடிவுத் திகதியன்று எல்லாத் தகைமைகளையும் எல்லா வகையிலும் பூர்த்தி செய்திருக்க வேண்டும். அதோடு இன்னொரு வாசகமும் வரும். பரீட்சைக்கான அனுமதி அட்டை கிடைத்தது தகைமை ஏற்கப்பட்டதற்கு அத்தாட்சியல்ல. பரீட்சைத் திணைக்களம், தகைமை உள்ளவர்களே விண்ணப்பித்திருப்பார்கள் என்ற ஊகத்தில் அட்டையை அனுப்புகிறது. ஆகவே பெறுபேறு வராதவர் விண்ணப்பிக்கிறார், அட்டை வருகிறது, பரீட்சை எழுதுகிறார், சித்தியடைகிறார், நேர்முகத்துக்கு அழைக்கப்படுகிறார். அங்கே மேசையில் சான்றிதழைத் திறந்து திகதியைப் பார்க்கும்போதுதான் “இல்லை” என்ற பதில் வருகிறது. கம்பனியின் மென்பொருள் முதல் நாளில் சொல்லும் “இல்லை”யை அரசு கடைசி நாளில் சொல்கிறது. அந்த இடைவெளியில் படிப்புக்கும் பயணத்துக்கும் குடும்பம் செலவழித்தது திரும்பி வராது.

அந்தத் திகதி எது என்பதில்தான் நம் மாணவியின் வழக்கு நுணுக்கமாகிறது. பட்டச் சான்றிதழிலும் விரிவான பெறுபேற்றுப் பத்திரத்திலும் பட்டம் வலுவுக்கு வரும் திகதி என்று ஒன்று குறிக்கப்படும். அது பட்டமளிப்பு விழா நாளும் அல்ல, பெறுபேறு வெளியான நாளும் அல்ல. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபட்டாலும், அது இறுதிப் பரீட்சை முடிந்த நாளை ஒட்டி விழுவது உண்டு. நம் கணக்கில் மூதவை ஓகஸ்ட் 14 இல் பெறுபேற்றை ஏற்று, வலுவுக்கு வரும் திகதியை பெப்ரவரி 21 என்று குறிக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் மே 30 இல் அவள் பட்டதாரி. ஆனால் மே 30 இல் அதைச் சொல்ல எந்த ஆவணமும் உலகத்தில் இல்லை. அவள் சித்தியடைந்தாளா என்பதே யாருக்கும் தெரியாது. ஓகஸ்டில் பிறந்த ஒரு தாள் பெப்ரவரியைத் தொட்டுப் பேசுகிறது.

அவள் மே மாதத்தில் விண்ணப்பிக்கலாமா? வர்த்தமானியின் வாசகத்தைப் பொறுத்தது. “பட்டம் வலுவுக்கு வரும் திகதி முடிவுத் திகதிக்கு முன்னதாக இருத்தல்” என்று மட்டும் கேட்கும் அறிவித்தலில் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. நேர்முக நாளில் அந்தத் திகதியைக் காட்ட முடியும். விண்ணப்பத்தோடு சான்றிதழின் பிரதியை இணைக்கச் சொல்லும் அறிவித்தலில் வாசல் அன்றே மூடியிருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வாசகங்களே அதிகம். அவற்றில் என் ஆலோசனை ஒன்றுதான்: பட்டத்தைக் குறிக்கும் நிரலில் “பெறுபேறு எதிர்பார்க்கப்படுகிறது” என்று வெளிப்படையாக எழுதி, பரீட்சைக் கிளையின் கடிதத்தை இணைத்து அனுப்பவேண்டும். மறைக்காமல் எழுதிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் போவது ஒரு வாய்ப்பு மட்டும். பட்டம் பெற்றதாக எழுதி அகப்பட்டால், தகைமையற்றவர் என்று தெரியும் எந்தக் கட்டத்திலும் ரத்துச் செய்யலாம் என்ற வாசகம் நியமனத்தின் பின்னும் துரத்தும்.

முடிவுத் திகதியில் ஏன் இவ்வளவு இறுக்கம் என்று பலருக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்துக்கு இந்திய உச்ச நீதிமன்றம் விடை தேடிய ஒரு வழக்கு இருக்கிறது. ஜம்மு காஷ்மீரில் பொறியியலாளர் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரப்பட்டபோது கடைசி நாள் 1982 ஜூலை 15. பொறியியல் பட்டப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த 33 பேரும் விண்ணப்பித்தார்கள். பெறுபேறு ஓகஸ்ட் 21 இல் வந்தது; நேர்முகம் ஓகஸ்ட் 24 இல் தொடங்கியது. நேர்முகத்துக்கு வந்தபோது எல்லோரும் பட்டதாரிகள். அவர்களை அனுமதித்தது சரியா என்ற கேள்வி பத்து வருடத்துக்கு மேல் இழுபட்டது. அசோக் குமார் சர்மா எதிர் சந்தர் சேகர் என்ற அந்த வழக்கில் முதலில் பெரும்பான்மை நீதிபதிகள் சரி என்றார்கள். நேர்முகத்துக்குள் தகைமை வந்துவிட்டதே, கூடுதலான திறமைசாலிகளிலிருந்து தெரிவுசெய்வது பொதுநலனுக்கு நல்லதுதானே என்பது அவர்கள் எண்ணம். 1997 இல் மறுஆய்வில் நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசி நாள் என்று ஒன்றை அறிவித்தால் தகுதி அந்த நாளில்தான் பார்க்கப்படவேண்டும் என்றது. அதற்குச் சொன்ன காரணமே என்னை இந்த விதியின் பக்கம் கொண்டுவந்தது. அதே பரீட்சையை எழுதி, அதே பெறுபேற்றுக்குக் காத்திருந்து, “தகுதியில்லாதவர் விண்ணப்பிக்கக் கூடாது” என்ற அறிவித்தலை நம்பி விண்ணப்பிக்காமலே இருந்தவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? விதியை மீறிய 33 பேருக்குச் சலுகை காட்டினால், விதியை மதித்த அவர்களுக்கு அநீதி. எனினும் 33 பேரின் வேலையை நீதிமன்றம் பறிக்கவில்லை. மற்றவர்களுக்குக் கீழே இளையவர்களாக வைத்தது.

இந்தியத் தீர்ப்பு இலங்கையைக் கட்டாது. ஆனால் நம் வர்த்தமானி வாசகத்துக்குப் பின்னாலும் அதே நியாயம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவிக்கு “சும்மா போட்டுப் பார், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று காதோடு சொல்ல ஆளில்லை. அச்சில் உள்ளதை அப்படியே நம்பி ஒதுங்கிக்கொள்பவள் அவளாகத்தான் இருப்பாள். தளர்வான விதி ஆள் பலம் உள்ளவருக்கே முதலில் உதவும்.

அதற்காக இறுக்கம் மட்டுமே வழி என்றும் இல்லை. இந்திய மத்திய தேர்வாணையம் தன் குடிமைப் பணித் தேர்வில் இதை அழகாகக் கையாள்கிறது. இறுதியாண்டுப் பரீட்சை எழுதியவரும் எழுதப்போகிறவரும் முதனிலைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தலிலேயே எழுதிவிடுகிறது. முதன்மைத் தேர்வுக்கான விண்ணப்பத்தின்போது சித்தியடைந்த ஆதாரத்தைக் காட்டவேண்டும். எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த சலுகை என்பதால் யாருக்கும் அநீதியில்லை. தமிழ்நாட்டு அரசுப் பணியாளர் தேர்வாணையமோ அறிவிக்கை வெளியான நாளிலேயே தகுதி இருக்கவேண்டும் என்கிறது. இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெறுபேறு பிந்துவதன் விலையை ஒன்றில் நிர்வாகம் சுமக்கிறது, மற்றதில் மாணவர் சுமக்கிறார். நம் நாட்டில் இப்போது மாணவரே சுமக்கிறார்.

மூன்று வாசலிலும் கடைசியில் கேட்கப்படுவது தாள்தான். அதன் படிநிலையை அறிந்து வைத்திருப்பது நல்லது. இறுதியாண்டு மாணவர் என்று பீடம் தரும் கடிதம் மிகக் கீழே நிற்கிறது. அது படிக்கிறார் என்பதை மட்டும் காட்டும். இறுதிப் பரீட்சைக்குத் தோற்றிவிட்டார், பெறுபேறு நிலுவையில் என்று பரீட்சைக் கிளையின் உதவிப் பதிவாளர் தரும் கடிதம் அதற்கு மேலே. கம்பனிகளுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். மூதவை ஏற்ற பின் கிடைக்கும், வலுவுக்கு வரும் திகதியோடு கூடிய பெறுபேற்றுப் பத்திரம் அடுத்தது. நடைமுறையில் இந்த நாளிலிருந்தே “பட்டதாரி” என்று எந்தக் கட்டத்திலும் தயங்காமல் எழுதலாம். விழாவில் கைக்கு வரும் சான்றிதழுக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. விழா நடக்காததால் தாங்கள் இன்னும் பட்டதாரி இல்லை என்று நினைத்து வாய்ப்பை விடுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பெறுபேற்றுப் பத்திரம் கையில் இருந்தும் அவர்கள் தங்களைக் குறைத்து எழுதுகிறார்கள்.

இடையில் நின்றுபோன படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்து, இரண்டு வருடம் எழுதி, சம்பளத்துக்காகக் கொழும்புக்குப் போய் விட்டுவிட்டவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. பதிவு காலாவதியான பின்பும் கோவையில் “நடந்துகொண்டிருக்கிறது” என்று வைத்திருப்பது சரிபார்ப்பில் உடையும். தகைமைச் சட்டகத்தில் 60 திறமைப் புள்ளிகளுக்கு உயர் டிப்ளோமா என்ற நான்காம் மட்டம் இருக்கிறது. தான் படித்த பாடநெறியில் அந்த வெளியேறும் வழி உண்டா என்று கேட்டு, உண்டென்றால் அதை முறைப்படி பெற்றுக்கொள்வது, முடியாத பட்டத்தைக் கோவையில் சுமப்பதை விடப் பெறுமதியானது. பெறாதவரையில், தான் உண்மையில் சித்தியடைந்த பாடங்களையும் படித்த வருடங்களையும் மட்டுமே எழுதலாம்.

பல்கலைக்கழகங்களின் பரீட்சைக் கிளைகளிடம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. பெறுபேறு நிலுவைக் கடிதத்தில் இப்போது பெரும்பாலும் ஒரு பொதுவான வாக்கியம்தான் இருக்கிறது. அதில் மூன்று விபரங்களை அச்சிட்டுத் தாருங்கள்: இறுதிப் பரீட்சை முடிந்த நாள், பெறுபேறு எதிர்பார்க்கப்படும் மாதம், சித்தியடைந்தால் பட்டம் எந்த நாளிலிருந்து வலுவுக்கு வரும் என்ற விதி. மூன்றுமே உங்களுக்குத் தெரிந்தவை. புதிய செலவும் இல்லை. அரசாங்க சேவை ஆணைக்குழுவும் மாகாண ஆணைக்குழுக்களும், வர்த்தமானியில் தகைமையைக் குறிக்கும் இடத்திலேயே, பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர் விண்ணப்பிக்கலாமா கூடாதா என்பதை ஆம் அல்லது இல்லை என்று ஒரு வரியில் எழுதவேண்டும். எந்த விடையாக இருந்தாலும் அது ஓப்பநாயக்கவில் வாசிக்கப்படும் நாளிலும் கொழும்பில் வாசிக்கப்படும் நாளிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.